வட்டிக் கடனா, வியாபார ஒப்பந்தமா? சிவகாசி அச்சகக் கணக்கில் முராபஹாவும் முளாரபாவும்

பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் சிவகாசி வட்டாரத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பட்டாசு ஏறத்தாழ ஆண்டு முழுவதும் உற்பத்தியாகிறது. ஆனால் அதன் விற்பனையில் பெரும்பகுதி தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில்தான் நடக்கிறது. லேபிள் அச்சடிப்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், காகிதம் தருபவர் என எல்லோருடைய பணமும் மாதக்கணக்கில் சரக்காகவும் பாக்கியாகவும் முடங்கி நிற்கிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் வங்கிக் கடன், தனியார் பைனான்ஸ், தண்டல், கடைசியில் கந்துவட்டி என்று ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன.

இந்தத் தொழில்களில் இருக்கும் நம் குடும்பங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. வட்டியில்லாமல் முதல் திரட்ட வழி உண்டா? அப்படியொரு வழி இருந்தாலும், ‘வட்டி’ என்ற பெயரை ‘லாபம்’ என்று மாற்றி அதே பணத்தைத்தானே வாங்குகிறார்கள்? இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல முடியாது. எனவே ஓர் அச்சகத்தின் கணக்கை எடுத்துக்கொண்டு, வங்கிக் கடனுக்கும் ஷரீஅத் அனுமதிக்கும் ஒப்பந்தங்களுக்கும் உண்மையில் எங்கே வேறுபாடு இருக்கிறது என்று பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பட்டாசு வெடிப்பதை வீண்விரயம் என்று ஆலிம்கள் பலர் கண்டித்திருக்கிறார்கள். எந்தத் தொழிலில் பணம் போடலாம் என்பதும், போடும் பணத்துக்கு எப்படி ஒப்பந்தம் எழுதுவது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. முதலாவதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கோடு விழும் இடம்

அல்பகரா அத்தியாயத்தின் 275-ஆம் வசனம் வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியை விலக்குகிறது. இரண்டும் ஒன்றுதானே என்று வாதிட்டவர்களுக்குப் பதிலாகவே இந்த வேறுபாடு அங்கே சொல்லப்படுகிறது. இன்றும் அதே வாதத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

விருதுநகர் பருப்பு மண்டியை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உளுந்தை வாங்கிக் குடோனில் இறக்கிய வியாபாரிக்கு விலை ஏறினால் லாபம். விலை இறங்கினாலும், வண்டு விழுந்தாலும், மழையில் நனைந்தாலும் நஷ்டம் அவருடையது. அந்தப் பொறுப்பைச் சுமப்பதால்தான் லாபம் அவருக்கு ஆகுமாகிறது. பொறுப்பு யாருடையதோ ஆதாயமும் அவருக்கே என்பது ஹதீஸை அடிப்படையாகக் கொண்ட ஃபிக்ஹு விதி.

அதே வியாபாரிக்குக் கடன் கொடுத்த வங்கியைப் பாருங்கள். உளுந்து விலை ஏறினாலும் இறங்கினாலும் வங்கிக்கு வர வேண்டிய தொகை மாறாது. சரக்கின் விதியோடு வங்கிக்குத் தொடர்பில்லை. நாட்கள் நகர்வதோடு மட்டுமே தொடர்பு. கடனாகக் கொடுத்த பணத்தின் மீது, நாட்கள் நகர்ந்ததற்காக மட்டும் கேட்கப்படும் கூடுதல் தொகையே ரிபா.

ஆகவே ஒரு ஒப்பந்தத்தைக் கையில் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அதன் பெயரை அல்ல. பொருள் கெட்டால், தொழில் படுத்தால் யாருக்கு நஷ்டம் என்பதைத்தான் தேட வேண்டும்.

மெஷின் வாங்குதல்: முராபஹா

கணக்குப் புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. சிவகாசியில் சிறு அச்சகம் நடத்தும் சகோதரர் ஒருவருக்குப் பழைய ஆஃப்செட் மெஷின் ஒன்று தேவைப்படுகிறது. சென்னையில் உள்ள வியாபாரி அதற்கு 12 லட்சம் ரூபாய் விலை சொல்கிறார். அச்சகக்காரரின் மச்சான் விருதுநகரில் மண்டி வைத்திருக்கிறார்; அவரிடம் பணம் இருக்கிறது.

வங்கிக்குப் போனால் 12 சதவீத வட்டியில், மூன்று ஆண்டுத் தவணையில் மாதம் சுமார் 39,860 ரூபாய் கட்ட வேண்டும். 36 மாதங்களில் மொத்தம் சுமார் 14 லட்சத்து 35 ஆயிரம் ஆகும்.

முராபஹா என்பது கடன் அல்ல, விற்பனை. அடக்க விலையையும் அதன்மேல் வைக்கும் லாபத்தையும் மறைக்காமல் சொல்லி விற்பதே அதன் இலக்கணம். இங்கே அது இப்படி நடக்கும்.

முதலில், மெஷினை மச்சான் வாங்கினால் தான் அவரிடமிருந்து வாங்கிக்கொள்வதாக அச்சகக்காரர் வாக்களிக்கிறார். இது வாக்குறுதி மட்டுமே. இன்னும் விற்பனை நடக்கவில்லை. அடுத்து, மச்சான் தன் பணத்தைக் கொடுத்து, தன் பெயரில் பில் போட்டு, சென்னை வியாபாரியிடமிருந்து மெஷினை வாங்குகிறார். மெஷின் அவருடைய உடைமையாகி, அவருடைய பொறுப்பில் வருகிறது. அதன் பிறகுதான் மூன்றாவது படி: அடக்கம் 12 லட்சம், லாபம் 2 லட்சத்து 40 ஆயிரம், ஆக விலை 14 லட்சத்து 40 ஆயிரம் என்று சொல்லி, மாதம் 40,000 ரூபாய் வீதம் 36 தவணைகளுக்கு அச்சகக்காரரிடம் விற்கிறார்.

மச்சான் இதை இனாமாகச் செய்ய வேண்டியதில்லை. தவணைக்கு ஜாமீன் கேட்கலாம். அந்த மெஷினையே அடமானமாக வைத்துக்கொள்ளலாம். ஷரீஅத் இவற்றைத் தடுக்கவில்லை.

தவணை கிட்டத்தட்ட ஒன்றுதானே?

ஆம். வங்கியில் 39,860, மச்சானிடம் 40,000. வட்டியில்லாதது என்றால் மலிவாக இருக்கும் என்று எண்ணி வருபவர்கள் இங்கேதான் ஏமாற்றமடைகிறார்கள். உலகம் முழுவதும் இஸ்லாமிய வங்கிகள் முராபஹா லாபத்தைச் சந்தையின் வட்டி விகிதத்தை ஒட்டியே நிர்ணயிக்கின்றன. இதன் மீது ஆலிம்களுக்கே விமர்சனம் உண்டு. ஆனால் விலை ஒன்றாக இருப்பதால் ஒப்பந்தம் ஒன்றாகிவிடாது. காரியங்கள் கோணும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்.

சென்னையிலிருந்து வரும் வழியில் லாரி கவிழ்ந்து மெஷின் நொறுங்கியது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடனில் மெஷின் போனாலும் 12 லட்சமும் வட்டியும் அச்சகக்காரர் தலையில்தான். இன்சூரன்ஸ் இருந்தால் தப்பினார். முராபஹாவில், மச்சான் இன்னும் விற்காத நிலையில் மெஷின் உடைந்ததால் நஷ்டம் மச்சானுடையது. அச்சகக்காரர் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.

மெஷின் வந்து ஓடத் தொடங்கிய பின், விற்ற நேரத்தில் இருந்த மறைவான குறை ஒன்று தெரிந்தால், விற்றவர் என்ற முறையில் மச்சானிடம் அதைத் திருப்பும் உரிமை அச்சகக்காரருக்கு உண்டு. பழைய மெஷின் என்பதால், பார்த்துச் சோதித்து ஒப்புக்கொண்டேன் என்று முன்பே எழுதி வாங்கும் வழக்கமும் இருக்கிறது. அப்படி எழுதுமுன் மெக்கானிக்கை அழைத்துப் போய்ப் பார்ப்பது நல்லது. வங்கியிடம் குறையைச் சொன்னால், மெஷினை விற்றவரிடம் போய்ப் பேசுங்கள் என்பதே பதிலாக இருக்கும். அது நியாயமும்கூட, வங்கி எதையும் விற்கவில்லை.

மூன்றாவதாக, தாமதம். பதினைந்தாம் மாதத்தில் தொழில் முடங்கி நான்கு தவணை நின்றுவிட்டால் வங்கியில் பாக்கித் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் அபராதக் கட்டணமும் வரும். முராபஹாவில் விலை 14 லட்சத்து 40 ஆயிரம் என்று முடிவானது முடிவானதுதான். நான்கு மாதம் தள்ளிப்போனாலும் அது 14 லட்சத்து 40 ஆயிரமாகவே நிற்கும். வசதி இருந்தும் இழுத்தடிப்பவரைத் தடுக்க ஒரு தொகையைத் தர்மத்துக்குக் கொடுக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுவதுண்டு. அதை விற்றவர் தன் வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாங்குபவருக்குச் சாதகமில்லாத இடமும் ஒன்று உண்டு. வங்கிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் மீதிக் காலத்துக்கான வட்டி மிச்சமாகும். முராபஹாவில் விலை கடனாக நின்றுவிட்டதால் முன்கூட்டியே கட்டினாலும் முழு விலையையும் தர வேண்டும். விற்றவர் மனமுவந்து குறைத்துக்கொண்டால் அது அவருடைய நன்மை. ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது.

பெயருக்கு முராபஹா

நடைமுறையில் பிழை நேர்வது பெரும்பாலும் இரண்டாவது படியில். லாரி வாடகை, இரண்டு பில் என்ற சிரமமெல்லாம் எதற்கு என்று மச்சான் 12 லட்சத்தை அச்சகக்காரரின் கணக்கில் போட்டுவிடுகிறார். அவரே மெஷினைத் தன் பெயரில் வாங்கிக்கொள்கிறார். பிறகு இருவரும் உட்கார்ந்து, மச்சான் 14 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மெஷினை விற்றதாக ஒரு தாள் எழுதுகிறார்கள். இங்கே மச்சானிடம் மெஷின் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. அவர் கொடுத்தது பணம். வாங்குவது கூடுதல் பணம். தாளில் எந்தப் பெயர் இருந்தாலும் அது வட்டிக் கடன்தான்.

ஏற்கெனவே அச்சகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை ரொக்கத்துக்கு ‘விற்று’, அதையே தவணைக்குக் கூடுதல் விலையில் ‘திரும்ப வாங்குவது’ இன்னொரு வகை. பொருள் நகரவே இல்லை. பணம் மட்டும் போய் வருகிறது. பெரும்பாலான ஆலிம்கள் இதைத் தடுத்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று தாள்கள் போதும். முதல் பில் யார் பெயரில் இருக்கிறது? இரண்டாவது பில்லின் தேதி, மெஷின் முதலில் வாங்குபவர் கைக்கு வந்த தேதிக்குப் பிந்தியதா? வழியில் வரும்போது இன்சூரன்ஸ் யார் எடுத்தார்? இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் ஒப்பந்தத்தில் விற்பனை நடக்கவில்லை என்று பொருள்.

வரிச் செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். மேலே சொன்ன தொகைகளில் ஜிஎஸ்டியை நாம் சேர்க்கவில்லை. வங்கி வாங்கும் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. முராபஹா லாபமோ பொருளின் விலையில் ஒரு பகுதி என்பதால் அதற்கும் வரி உண்டு. இடையில் வாங்கி விற்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், அவர் போடும் பில்லில் உள்ள வரியை அச்சகக்காரர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அவரிடம் பதிவு இல்லையென்றால் முதல் பில்லில் கட்டிய வரி அப்படியே செலவாகிவிடும். இந்த வேலையைச் சொந்தக்காரர்களில் யார் செய்வது என்று முடிவெடுக்குமுன் ஆடிட்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். வீடு, மனைக்கு இது இன்னும் கடினம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பொதுவாக 9 சதவீதம் ஆகிறது. இரண்டு முறை கிரயம் நடந்தால் அந்தச் செலவும் இரண்டு முறை வரும்.

சீசன் முதல்: முளாரபா

மெஷின் வாங்க முராபஹா பொருந்துகிறது, ஏனெனில் வாங்கி விற்க ஒரு பொருள் இருக்கிறது. தொழிலின் லாப நஷ்டத்தையே பகிர்ந்துகொள்ள நினைப்பவர்களுக்கு முளாரபா இருக்கிறது. ஒருவர் முழு முதலையும் தருகிறார். மற்றவர் உழைப்பைத் தருகிறார். லாபம் முன்பே பேசிய விகிதத்தில் பிரியும். நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும்.

அதே மச்சான் அட்டை, மை, கூலி ஆகியவற்றுக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறார் என்று கொள்வோம். பிப்ரவரியில் தொடங்கி அக்டோபர் வரை ஒன்பது மாதங்கள் லேபிளும் பெட்டியும் அடித்து விற்க வேண்டும். லாபம் சரிபாதி என்று பேச்சு. ஒப்பிட்டுப் பார்க்க, அதே 10 லட்சத்தை வங்கியில் 12 சதவீதத்துக்கு வாங்கினால் ஒன்பது மாத வட்டி 90,000 ரூபாய்.

நல்ல ஆண்டு: செலவு போக 3 லட்சம் லாபம். முளாரபாவில் ஆளுக்கு ஒன்றரை லட்சம். வங்கிக் கடன் என்றால் வட்டி போக 2 லட்சத்து 10 ஆயிரம் அச்சகக்காரருக்கே மிஞ்சியிருக்கும். ஆக, நல்ல ஆண்டில் முளாரபா அவருக்கு வங்கியை விடக் கூடுதல் செலவு.

சுமாரான ஆண்டு: லாபம் 1 லட்சம். முளாரபாவில் ஆளுக்கு 50,000. வங்கிக் கடனில் அச்சகக்காரருக்கு மிஞ்சுவது 10,000 மட்டுமே.

கெட்ட ஆண்டு: இது சிவகாசிக்குப் புதிதல்ல. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்த்த பட்டாசுகளையும் சரவெடிகளையும் தடுத்தது. சரவெடிக்கென்று அச்சடித்த லேபிள் வேறு எதற்கு உதவும்? 2020-இல் கொரோனாக் காலத்தில் ராஜஸ்தான், ஒடிசா, டெல்லி அரசுகள் தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் பட்டாசு விற்பனையைத் தடுத்தன. அப்படியொரு ஆண்டில் சரக்கைப் பழைய காகித விலைக்குத் தள்ளி, போட்ட 10 லட்சத்தில் 7 லட்சம் மட்டும் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முளாரபாவில் அந்த 7 லட்சம் மச்சானுக்குப் போகிறது. 3 லட்சம் அவருக்கு நஷ்டம். அச்சகக்காரருக்கு ஒன்பது மாத உழைப்பு நஷ்டம். ஆனால் அவர் கடனாளி ஆகவில்லை. வங்கிக் கடனில் அவர் 10 லட்சத்து 90 ஆயிரம் கட்ட வேண்டும், கையில் இருப்பதோ 7 லட்சம். விழும் துண்டு 3 லட்சத்து 90 ஆயிரம். வீட்டு நகை அடகுக்குப் போவதும், கந்துவட்டிக்காரர் வாசலுக்கு வருவதும் பெரும்பாலும் இந்தத் துண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

நல்ல ஆண்டில் கூடுதலாகக் கொடுப்பது, கெட்ட ஆண்டில் கடனாளி ஆகாமல் இருப்பதற்கான விலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் முளாரபா லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியாது. நல்ல ஆண்டில் வங்கிக்கும் கெட்ட ஆண்டில் மச்சானிடமும் போக நினைப்பவருக்கு யாரும் முதல் தர மாட்டார்கள்.

முளாரபா எங்கே கெடுகிறது

முதல் கேடு வாக்கியத்தில் நுழைகிறது. ‘லாபத்தில் பாதி’ என்பது முளாரபா. ‘லட்சத்துக்கு மாதம் 1,000’ என்பது வட்டி. ‘லாபத்தில் பாதி, ஆனால் முதல் எப்படியும் திரும்ப வேண்டும்’ என்றாலும் முளாரபா உடைந்துவிடும். முதலுக்கு உத்தரவாதம் கொடுத்த நொடியில் அது கடனாகிறது. கடனின் மீது வரும் ‘லாபம்’ வட்டியாகிறது. உழைப்பவர் பேசியதை மீறினாலோ, கவனக்குறைவால் கெடுத்தாலோ மட்டும் முதலுக்கு அவர் பொறுப்பாவார். கடனுக்குச் சரக்கு கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்க, அவர் கடனுக்குக் கொடுத்து பாக்கி வராமல் போனால் அந்த நஷ்டம் அவருடையது.

இரண்டாவது கேடு கணக்கில் நுழைகிறது. எதைச் செலவாக எழுதலாம் என்று முன்பே பேசாவிட்டால், அச்சகத்தின் கரண்ட் பில்லும் வீட்டு விருந்தும் ஒரே நோட்டில் ஏறிவிடும். அட்டை, மை, அச்சுக் கூலி, லாரி வாடகை ஆகியவை இந்தச் சீசனின் செலவு. சொந்த மெஷினை இதற்கு ஓட்டுவதற்கு ஆயிரம் தாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் எடுப்பதாக இருந்தால், அந்தத் தொகையை முதல் நாளே எழுதிவிட வேண்டும். இந்த முதலுக்குத் தனி வங்கிக் கணக்கும் தனி பில் புத்தகமும் இருப்பது நல்லது. அச்சகத்தின் ஜிஎஸ்டி கணக்கில் காட்டிய விற்பனையும் மச்சானிடம் காட்டிய விற்பனையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது சந்தேகப்படுவதாகாது. கொடுத்து வாங்குவதை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தில் கணக்குக் கேட்பது உறவைக் கெடுக்காது, காப்பாற்றும்.

மத்ஹப் சார்ந்த நுணுக்கம் ஒன்றும் உண்டு. ஷாஃபிஈ நூல்களில் முளாரபா வாங்கி விற்கும் வணிகத்துக்கு உரியது. பொருள் செய்து விற்கும் தொழிலுக்கு அதை விரிப்பதில்லை. அச்சடிப்பது உற்பத்தி என்பதால், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள் ஆலிமிடம் கேட்டுச் செய்ய வேண்டும். இருவரும் முதல் போடும் முஷாரகாவாக அதை மாற்றிக்கொள்வதும் பலருக்கு வசதியாக இருக்கும்.

முஷாரகாவும் கூட்டுப் பத்திரமும்

முஷாரகாவில் மச்சான் 10 லட்சமும் அச்சகக்காரர் 5 லட்சமும் போடுகிறார்கள் என்போம். அச்சகக்காரர் உழைக்கவும் செய்வதால் லாபத்தைச் சரிபாதியாகப் பேசிக்கொள்வதை ஹனஃபி மத்ஹப் அனுமதிக்கிறது. நஷ்டத்தை மட்டும் அப்படிப் பேச முடியாது. அது போட்ட முதலின் அளவில்தான் பிரிய வேண்டும்: 3 லட்சம் நஷ்டம் என்றால் மச்சானுக்கு 2 லட்சம், அச்சகக்காரருக்கு 1 லட்சம்.

இதை நம் நாட்டுச் சட்டப்படி எழுத 1932-ஆம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டமே போதும். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் கூட்டுச் சேர்வதை அதன் 8-ஆம் பிரிவு ஏற்கிறது. ஒரு சீசனுக்கு மட்டும் கூட்டு எழுதலாம். ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, பத்திரத்தில் எதுவும் எழுதாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமமாகப் பிரியும் என்பது அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு. நஷ்டம் முதலின் அளவில் பிரியும் என்பதைச் சொல்லால் எழுதினால்தான் அது செல்லும்.

இரண்டு, வழக்கமான பத்திர மாதிரிகளில் பங்குதாரரின் முதலுக்கு 12 சதவீத வட்டி தரப்படும் என்று ஒரு வரி இருக்கும். வருமான வரிச் சட்டம் அந்த அளவு வரை செலவாகக் காட்ட அனுமதிப்பதால் ஆடிட்டர்கள் அதை எழுதுவது வழக்கம். நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் வட்டியில்லாக் கூட்டு என்று நினைத்தே வட்டி ஒப்பந்தத்தில் இருப்போம். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

மூன்று, ஷரீஅத்தில் முளாரபா முதலாளியின் நஷ்டம் அவர் போட்ட முதலோடு நின்றுவிடும். கூட்டு வணிகச் சட்டத்தில் அப்படியில்லை. கூட்டின் கடன்களுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தன் சொந்தச் சொத்து வரை பொறுப்பு. வேலையில் தலையிடாமல் பணம் மட்டும் போட்டவருக்கும் இது பொருந்தும். தொகை பெரிதாக இருந்தால் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எல்எல்பி என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டாகப் பதிவு செய்வது மச்சானைக் காக்கும்.

வங்கியே இதைச் செய்யக் கூடாதா?

இந்தியாவில் இன்றைய சட்டப்படி செய்ய முடியாது. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. முராபஹாவின் உயிரே வாங்கி விற்பதில்தான் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு அல்லாத அசையாச் சொத்தை ஏழு ஆண்டுகளுக்கு மேல் வங்கி வைத்திருப்பதை 9-ஆம் பிரிவு தடுக்கிறது. நீண்ட கால வீட்டுக் கூட்டுக்கு அது இடைஞ்சல். 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்யப் பரிந்துரைத்தது. ஆனால் 2017 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அளித்த பதிலில், இந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என முடிவு செய்ததாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

இலங்கையில் 2005-இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இதற்கு இடம் கிடைத்தது. 2011-இல் அமானா வங்கி முழு வங்கியாகச் செயல்படத் தொடங்கியது. மலேசியாவில் 1983 முதல் இஸ்லாமிய வங்கி இருக்கிறது. அங்கிருக்கும் உறவினர்கள் சொல்வதைக் கேட்டு, அதே பெயரில் இங்கே யாராவது பணம் திரட்டினால் அதுவும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே கண்காணிக்க மத்திய வங்கி இருக்கிறது.

இங்கே நடந்தது நமக்குத் தெரியும். 2019 ஜூனில் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் வீழ்ந்தபோது, ஹலால் முதலீடு என்று நம்பிப் பணம் போட்ட பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. மாதம் தவறாமல் வந்த ‘லாபம்’தான் அவர்களை ஈர்த்தது. மேலே பார்த்த மூன்று ஆண்டுக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான வியாபாரத்தில் லாபம் ஏறும், இறங்கும், சில ஆண்டு மைனஸில் போகும். மாதாமாதம் சீராக வரும் லாபம், அது எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய எச்சரிக்கை. அதே 2019-இல் வந்த மத்தியச் சட்டம், அனுமதியின்றிப் பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. பங்குதாரர்கள் கூட்டில் போடும் முதல் அந்தத் தடையில் வராது. எனவே உறவுக்குள் நடக்கும் கூட்டையும் முறையான பத்திரத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் போன்ற தேவைகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே வாங்கி விற்கப் பொருளும் இல்லை, பகிர லாபமும் இல்லை. அதற்கு உரியது கர்ளு ஹஸன் என்ற அழகிய கடன். நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால்கள் பல, நகையை ஈடாகப் பெற்றுக்கொண்டு இதைத் தருகின்றன. கொடுத்த தொகை மட்டுமே திரும்ப வரும்.

ஆகவே தேவையைப் பொறுத்து ஒப்பந்தம் மாறும்: பொருள் வேண்டுமென்றால் முராபஹா, தொழிலுக்கு முதல் வேண்டுமென்றால் முளாரபா அல்லது முஷாரகா, கைமாற்று வேண்டுமென்றால் கர்ளு ஹஸன். எதில் கையெழுத்திடும் முன்பும், நஷ்டம் வந்தால் அது யாருடையது என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். எப்படி நஷ்டம் வந்தாலும் பணம் கொடுத்தவருக்குப் பாதிப்பில்லை, முழுத் தொகையும் கூடுதலும் அவருக்கு வந்தே தீரும் என்று அந்த வரி சொன்னால், தலைப்பில் எந்த அரபுச் சொல் இருந்தாலும் அது வட்டிக் கடன்தான்.

வல்லாஹு அஃலம். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.